100 கேவிஏ டிரான்ஸ்பார்மர்: சாதாரணக் கோரா, உயர்தரக் கோரா, அமார்பஸ் கோரா?

ஒரே திறனுள்ள டிரான்ஸ்பார்மருக்கு மூன்று விலைப்புள்ளிகள் வந்திருக்கின்றன. மூன்றும் 11,000 வோல்ட்டை 400 வோல்ட்டாகக் குறைப்பவை, மூன்றும் 100 கேவிஏ. விலை மட்டும் படிப்படியாக ஏறுகிறது. தாளின் அடியில் சிறிய எழுத்தில் "சுமையற்ற இழப்பு", "சுமை இழப்பு" என்று இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது, கம்பிச் சுருள்களுக்கு நடுவே இருக்கும் உலோகப் பகுதியான கோரில் வீணாவது. இரண்டாவது, சுருள்களில் வீணாவது. பலரும் படிக்காமல் கடந்துபோகும் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் எதை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக இப்படி வைத்துக்கொள்வோம்:

| கோர் வகை | சுமையற்ற இழப்பு | முழுச்சுமையில் சுமை இழப்பு |
|---|---|---|
| சாதாரண சிலிக்கான் எஃகு | 260 வாட் | 1,500 வாட் |
| உயர்தர சிலிக்கான் எஃகு | 160 வாட் | 1,500 வாட் |
| அமார்பஸ் | 75 வாட் | 1,750 வாட் |

இவை எந்த ஒரு தயாரிப்பின் எண்களும் அல்ல. ஆனால் இந்த அளவு டிரான்ஸ்பார்மரில் பார்க்கக்கூடியவைதான். உங்கள் கையில் உள்ள விலைப்புள்ளியின் எண்களை இதே இடத்தில் போட்டுக் கணக்கிடலாம். அமார்பஸில் ஒரு இழப்பு மிகக் குறைவாகவும் மற்றொன்று கூடுதலாகவும் இருப்பதைக் கவனியுங்கள். அது தற்செயல் அல்ல. அதன் காரணம் கீழே வருகிறது.

## மின்னழுத்தத்தை ஏன் ஏற்றி இறக்குகிறோம்

100 கிலோவாட் மின்சாரத்தை ஒரு கம்பி வழியாக அனுப்ப வேண்டும். போகவும் வரவும் சேர்த்துக் கம்பியின் மின்தடை 2 ஓம். கணக்கு எளிதாக இருக்க இதை ஒற்றைச் சுற்றாகவும், திறன் காரணியை 1 ஆகவும் கொள்வோம்.

400 வோல்ட்டில் அனுப்பினால் 250 ஆம்பியர் ஓட வேண்டும். கம்பியில் இழப்பு என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியது. 250 × 250 × 2 என்றால் 1,25,000 வாட். அனுப்ப நினைத்ததே ஒரு லட்சம் வாட்தான். மேலும் 250 ஆம்பியருக்கு அந்தக் கம்பியில் 500 வோல்ட் வீழ்ச்சி ஏற்பட வேண்டும், கையில் இருப்பதோ 400. ஆகவே இந்த வழியில் அந்த மின்சாரம் போய்ச் சேரவே சேராது.

அதே கம்பியில் 11,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 9.1 ஆம்பியர். இழப்பு வெறும் 165 வாட். மின்னழுத்தம் 27.5 மடங்கு ஏறியது, இழப்போ அதன் வர்க்கமான சுமார் 756 மடங்கு இறங்கியது. நெடுந்தொலைவு மின்கடத்தலின் அடிப்படை இதுதான். 1891இல் ஜெர்மனியின் லாஃபனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தொலைவு மூன்று கட்ட மின்சாரத்தை அனுப்பிக் காட்டியபோது 15,000 வோல்ட்டைக் கையாண்டார்கள், ஏறத்தாழ முக்கால் பங்கு மறுமுனைக்கு வந்து சேர்ந்தது. இன்று பெரிய கடத்தல் பாதைகள் 4,00,000 வோல்ட்டிலும் அதற்கு மேலும் ஓடுகின்றன. அதற்காக எல்லா இடத்திலும் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக முடியாது. இன்சுலேட்டர் நீளும், கோபுரம் உயரும், கம்பியைச் சுற்றியுள்ள காற்றே அயனியாகிக் கசியத் தொடங்கும். நம் 100 கிலோவாட்டுக்கு 1,10,000 வோல்ட் வைத்தால் கம்பி இழப்பு 1.65 வாட்டாகும் என்பது உண்மை. ஆனால் மிச்சமாகும் 163 வாட்டுக்காக அவ்வளவு இன்சுலேஷன் போடுவதில் பொருளில்லை.

இனி இதன் மறுபக்கம். மின்னழுத்தத்தை ஏற்ற ஒரு டிரான்ஸ்பார்மர், இறக்க ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். இரண்டும் சாதாரணக் கோர் என்றால் இரண்டு கோர்களும் சேர்ந்து 520 வாட் எடுக்கும். சுமை 30 சதவீதமாகக் குறையும்போது கம்பியின் இழப்பு 165இலிருந்து 15 வாட்டாகிவிடும். இரண்டு டிரான்ஸ்பார்மர்களின் சுருள் இழப்பு தலா 135 வாட் ஆகிவிடும். கோர் மட்டும் அதே 520 வாட்டில் நிற்கும். அந்த நேரத்து மொத்த இழப்பான 805 வாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கோருடையது. உயர்ந்த மின்னழுத்தம் கம்பியின் இழப்பை இந்த அளவுக்குக் குறைத்துவிட்டபின், குறைசுமை நேரத்தில் மிஞ்சி நிற்பது கோர்தான்.

## சுமை இல்லாதபோதும் கோர் ஏன் சூடாகிறது

கோரில் ஓடும் காந்தப்பாயத்தைத் தீர்மானிப்பது சுமை அல்ல, மின்னழுத்தம்தான்.

```
V = 4.44 × f × N × Φ
```

V மின்னழுத்தம், f அதிர்வெண், N சுற்றுகளின் எண்ணிக்கை, Φ உச்சக் காந்தப்பாயம். இதில் சுமை மின்னோட்டத்துக்கு இடமே இல்லை. துணைச் சுருளில் சுமை ஏறினால் அதன் காந்த விளைவை முதன்மைச் சுருளில் கூடுதலாக ஓடும் மின்னோட்டம் ஈடுசெய்துவிடும். கோரைப் பொறுத்தவரை நள்ளிரவும் உச்ச நேரமும் ஒன்றுதான். ஆண்டுக்கு 8,760 மணி நேரமும் அது ஒரே அளவில் வெப்பத்தை வெளியேற்றும்.

அந்த வெப்பத்துக்கு இரண்டு மூலங்கள். முதலாவது காந்தத் தயக்கம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எஃகின் காந்தத் திசை ஒரு நொடிக்கு 50 முறை முழுச்சுற்றாகப் புரள்கிறது. எஃகுக்குள் இருக்கும் சிறு காந்தப் பகுதிகளின் எல்லைச் சுவர்கள் ஒவ்வொரு முறையும் படிகக் குறைகளில் மாட்டி, பிய்த்துக்கொண்டு நகர்கின்றன. அந்த இழுபறியில் செலவாகும் ஆற்றல் வெப்பமாகிறது. இரண்டாவது சுழல் மின்னோட்டம். எஃகும் மின்கடத்திதான். மாறும் காந்தப்பாயம் அதற்குள்ளேயே வட்டமாக மின்னோட்டத்தைத் தூண்டும். இந்த இழப்பு தகட்டுத் தடிமனின் வர்க்கத்தோடு ஏறும், எனவே தடிமன் பாதியானால் இழப்பு காலாகும். கோரை ஒரே கட்டியாக வார்க்காமல் மெல்லிய தகடுகளை இன்சுலேஷன் பூச்சோடு அடுக்குவது இதனால்தான். எஃகில் சுமார் 3 சதவீதம் சிலிக்கான் சேர்ப்பது மின்தடையை உயர்த்தி இதே சுழல் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தத்தான். இந்த இரண்டையும் தவிர, காந்தப் பகுதிச் சுவர்கள் நகரும்போது அவற்றை ஒட்டியே உருவாகும் நுண் சுழல் மின்னோட்டங்களும் உண்டு. உயர்தரத் தகட்டில் குறைக்கப்படுவது முக்கியமாக இதைத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சுமையின் வடிவம். சராசரி போதாது, சுமை நாள் முழுக்க எப்படிப் பரவியிருக்கிறது என்பது தேவை. சுமை இழப்பு சுமையின் வர்க்கத்தோடு மாறுவதால், சராசரி ஒன்றாகவே இருக்கும் இரண்டு இடங்களில் இழப்பு வேறாக இருக்கலாம்.

அடுத்து, விநியோக மின்னழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது. இரவில் சுமை குறையும்போது பாதையின் முனையில் மின்னழுத்தம் உயரும் இடங்களில் கோர் தெவிட்டலை, அதாவது அதற்குமேல் காந்தப்பாயத்தை எளிதில் ஏற்காத நிலையை, நெருங்கிவிடும். மூன்றாவது, 400 வோல்ட் பக்கத்தில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் சுருள் தாங்குமா என்பது. கடைசியாக எடை, இடம், சத்தம். விலையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதை மற்ற எல்லாவற்றோடும் ஒரே அலகில் ஒப்பிட ஒரு வழி இருக்கிறது, அது பின்னால் வருகிறது.

## சாதாரண சிலிக்கான் எஃகுக் கோர்

படிகங்கள் ஒரே திசையில் ஒழுங்குபடுத்தப்பட்ட சிலிக்கான் எஃகு இது. 1930களில் நார்மன் காஸ் என்பவர் கண்டுபிடித்த குளிர் உருட்டல் முறையிலிருந்து வந்தது. 0.27 அல்லது 0.30 மில்லிமீட்டர் தடிமன் வழக்கம். காந்தப்பாய அடர்த்தியை 1.6 முதல் 1.7 டெஸ்லா வரை வைத்து இயக்குவார்கள், தெவிட்டல் 2.03 டெஸ்லாவில். நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது. மின்னழுத்தம் 10 சதவீதம் ஏறினாலும் 1.87 டெஸ்லாவைத்தான் தொடும்.

இதில் இழப்பைக் கூட்டுவது பெரும்பாலும் பொருள் அல்ல, கைவேலை. தகடு உருட்டிய திசையில் காந்தப்பாயம் எளிதாக ஓடும், குறுக்கே ஓடினால் இழப்பு பல மடங்கு. அதனால் மூலைகளில் தகட்டை 45 பாகையில் வெட்டி, படிப்படியாக மேலே ஏறும் இணைப்பாக அடுக்க வேண்டும். மூலைகளில் இடைவெளி விட்டு, சதுரமாக வெட்டி அடுக்கிய கோரில் அதே எஃகு கூடுதல் வாட் எடுக்கும். வெட்டும் கத்தி மழுங்கினால் தகட்டு ஓரத்தில் பிசிறு எழும். அது பக்கத்துத் தகட்டின் பூச்சைத் துளைத்துத் தொடும். அப்படிப் பல தகடுகள் ஒன்றானால், தடிமனைக் குறைத்துப் பெற்ற பயன் அந்த இடத்தில் போய்விடும்.

பழுதுபார்க்கும் பட்டறைகளில் இந்தக் கோருக்குப் பழக்கம் அதிகம். சுருள் எரிந்தால் மேல் தண்டைக் கழற்றி, புதுச் சுருளை இறக்கி, மீண்டும் அடுக்கிவிடுவார்கள். ஆனால் தகட்டைச் சுத்தியலால் தட்டி அடுக்கினால் அதில் ஏறும் அழுத்தமே இழப்பைக் கூட்டும். பழுதுபார்த்து வந்த டிரான்ஸ்பார்மரின் சுமையற்ற இழப்பை மறுபடி அளக்காமல் ஏற்றுக்கொள்வது தவறு.

டிரான்ஸ்பார்மர் ஆண்டில் சில வாரங்களே இயங்கி, மற்ற நாட்களில் 11,000 வோல்ட் பக்க இணைப்பையே துண்டித்து வைக்கும் இடத்தில் இதன் குறைந்த விலை நியாயம். இடைக்காலக் கட்டுமானத் தளம் ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டு முழுக்க இணைப்பிலேயே இருக்கும் இடத்தில் இதை வாங்க நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை.

## உயர்தர சிலிக்கான் எஃகுக் கோர்

பொருள் அதே குடும்பம்தான். படிகங்களின் ஒழுங்கு இன்னும் துல்லியம், தடிமன் பெரும்பாலும் 0.23 மில்லிமீட்டர். தகட்டின் மேல் லேசரால் சில மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய கோடுகள் கீறப்பட்டிருக்கும். அந்தக் கோடுகள் பெரிய காந்தப் பகுதிகளைச் சிறியவையாகப் பிரிக்கின்றன. சுவர்கள் அதிகமானால் ஒவ்வொன்றும் குறைந்த தூரமே, மெதுவாகவே நகரும். சுவரை ஒட்டிய நுண் சுழல் மின்னோட்டம் குறையும்.

இங்கே ஒரு பொறி உண்டு. சாதாரண லேசர்க் கீறல் வெறும் அழுத்தக் கோடு மட்டுமே. தகட்டை வளைத்துச் சுற்றிய கோர் செய்தால், வளைத்ததில் ஏறிய அழுத்தத்தை நீக்க 800 பாகை செல்சியஸ் அளவில் பதப்படுத்த வேண்டும். அந்த வெப்பத்தில் லேசர்க் கோட்டின் பயனும் மறைந்துவிடும். கூடுதல் விலை கொடுத்த தகடு சாதாரணத் தகடாகவே திரும்பிவரும். அடுக்கிய கோருக்கு லேசர்த் தகடு சரி. சுற்றிய கோர் என்றால் பள்ளமாகச் செதுக்கிய, வெப்பம் தாங்கும் வகைதானா என்று கேளுங்கள்.

இழப்பு குறைந்தாலும் தெவிட்டல் அளவு குறைவதில்லை. கோரின் உருவம் பெரிதாகாததால் சுருளின் நீளமும் கூடுவதில்லை, சுமை இழப்பு அதே 1,500 வாட்டில் நிற்கிறது. சுருள்கள் வட்டமாகச் சுற்றப்படுவதால் குறுக்குச்சுற்றின் விசையைச் சுற்றளவு முழுக்கச் சமமாகத் தாங்கும். சுமை கனமாகவும் நீண்ட நேரமும் ஓடும் தொழிற்கூடம், மோட்டார்கள் அடிக்கடி தொடங்கும் இடம், இரவில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறும் பாதை முனை ஆகிய மூன்றுக்கும் இதுவே பொருத்தம்.

## அமார்பஸ் கோர்

இரும்பு, போரான், சிலிக்கான் உருகிய குழம்பை வேகமாகச் சுழலும் குளிர்ந்த உருளை மேல் பாய்ச்சுகிறார்கள். நொடிக்குப் பத்து லட்சம் பாகை என்ற வேகத்தில் அது உறைகிறது. அணுக்கள் படிகமாக அணிவகுக்க நேரமே கிடைக்காது. கண்ணாடியைப் போல ஒழுங்கற்ற உலோகம் கிடைக்கிறது. படிகமே இல்லாததால் காந்தப் பகுதிச் சுவர் மாட்டிக்கொள்ளப் படிக எல்லைகளும் இல்லை, தயக்க இழப்பு மிகக் குறைவு. நாடாவின் தடிமன் சுமார் 0.025 மில்லிமீட்டர், மின்தடை சிலிக்கான் எஃகைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். தடிமனின் வர்க்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இழப்பு நூறில் ஒன்றாக வேண்டும் என்று தோன்றும். அப்படி ஆவதில்லை, ஏனெனில் சுவர் நகர்வின் இழப்பு மிஞ்சி நிற்கிறது. நடைமுறையில் சாதாரணக் கோரின் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பயனுக்கு ஈடாகக் கொடுக்க வேண்டியது மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது.

தெவிட்டல் சுமார் 1.56 டெஸ்லாவிலேயே வந்துவிடும். எனவே 1.3 முதல் 1.4 டெஸ்லாவுக்குள் இயக்க வேண்டும். அதே காந்தப்பாயத்தைக் கொண்டுசெல்லக் கோரின் குறுக்குப்பரப்பு பெரிதாக வேண்டும். மெல்லிய நாடாக்களுக்கு நடுவே வெற்றிடம் கூடுதல் என்பதால் அது மேலும் பெரிதாகும். பெரிய கோரைச் சுற்றிவர ஒவ்வொரு சுற்றுக்கும் நீளமான கம்பி வேண்டும். நீளம் கூடினால் மின்தடை கூடும். நம் எடுத்துக்காட்டில் சுமை இழப்பு 1,750 வாட்டானது இப்படித்தான். தடித்த கம்பி போட்டு அதைக் குறைக்கலாம், ஆனால் விலையும் எடையும் ஏறும். மேடையும் கம்பமும் அந்த எடையைத் தாங்குமா என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

இரண்டாவது, சுருளின் வடிவம். நாடாக் கோரின் குறுக்குவெட்டு செவ்வகமாக இருப்பதால் சுருளும் செவ்வகமாகவே சுற்றப்படுகிறது. குறுக்குச்சுற்று நேரும்போது ஓடும் பெரும் மின்னோட்டம் வெளிச்சுருளை வெளியே தள்ளும். வட்டமான சுருள் அதை இழுவிசையாகத் தாங்கிக்கொள்ளும். செவ்வகச் சுருளோ தட்டையான பக்கங்களில் உப்பிக்கொள்ளப் பார்க்கும். ஒருமுறை உப்பிய சுருள் உடனே எரியாது. அடுத்த பழுதில், அல்லது அதற்கடுத்ததில் இன்சுலேஷன் கிழிந்து எரியும். ஆகவே இதே வடிவமைப்புக்குச் செய்த குறுக்குச்சுற்று வகைச் சோதனையின் அறிக்கை இல்லாமல் அமார்பஸ் டிரான்ஸ்பார்மரை வாங்க வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, நொறுங்கும் தன்மை. பதப்படுத்திய பின் நாடா கண்ணாடிபோல் உடையும். சுருளை நுழைக்கக் கோரை ஒரு பக்கம் திறந்து மீண்டும் மூடுகிறார்கள். அப்போது உதிரும் செதில்கள் எண்ணெய்க்குள் போனால் இன்சுலேஷனுக்கு ஆபத்து. மூடிய இணைப்பு சரியாகப் பொருந்தாவிட்டால் இழப்பும் இரைச்சலும் கூடும். பழுதுபார்க்க இதற்குப் பழகிய கைகள் வேண்டும். காந்தப்புலத்தில் நீண்டு சுருங்கும் தன்மையும் இந்தப் பொருளுக்குக் கூடுதல் என்பதால் இரைச்சல் இயல்பாகவே சற்று அதிகம். படுக்கையறைச் சன்னலுக்குப் பக்கத்தில் வைக்க ஏற்றதல்ல.

குடியிருப்புகள், பள்ளிகள், பருவத்துக்கு மட்டும் ஓடும் பம்புகள் என நாளின் பெரும்பகுதி குறைந்த சுமையில் கிடக்கும் இடங்களில் இதுதான் முன்னணி.

## ஆண்டுக் கணக்கு

ஒரு டிரான்ஸ்பார்மரின் மொத்த இழப்பு:

```
P = P0 + β² × Pk
```

P0 சுமையற்ற இழப்பு, Pk முழுச்சுமையில் சுமை இழப்பு, β முழுத்திறனில் எத்தனை பங்கு சுமை என்பது. விடையை வாட்டில் எடுத்து 8.76ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று வரும்.

| சுமை | சாதாரணம் | உயர்தரம் | அமார்பஸ் |
|---|---|---|---|
| எப்போதும் 15% | 2,573 | 1,697 | 1,002 |
| எப்போதும் 30% | 3,460 | 2,584 | 2,037 |
| 6 மணி நேரம் 90%, 18 மணி நேரம் 10% | 5,037 | 4,161 | 3,876 |
| எப்போதும் 70% | 8,716 | 7,840 | 8,169 |

நடுவில் உள்ள இரண்டு வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். இரண்டிலும் சராசரிச் சுமை 30 சதவீதம்தான். ஆனால் மூன்றாவது வரியில் வர்க்கச் சராசரி 0.09 அல்ல, 0.21. கணக்கு இப்படி: 0.81ஐ 6ஆலும் 0.01ஐ 18ஆலும் பெருக்கிக் கூட்டி 24ஆல் வகுக்க வேண்டும். அமார்பஸுக்கும் உயர்தரத்துக்கும் இடையிலான வித்தியாசம் 547 யூனிட்டிலிருந்து 285ஆகச் சுருங்கிவிட்டது. மாத மின்கட்டணத்திலிருந்து சராசரியை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால், அமார்பஸின் பயன் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரியும். ஒரு சாதாரண வாரத்துக்கு மணிக்கு ஒருமுறை மின்னோட்டத்தைக் குறித்து, ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிச் சராசரி எடுப்பதுதான் சரியான வழி.

எந்தப் புள்ளியில் இரண்டும் சமமாகும்? கோரில் அமார்பஸ் 85 வாட் மிச்சப்படுத்துகிறது, சுருளில் முழுச்சுமைக்கு 250 வாட் கூடுதலாக எடுக்கிறது. 85ஐ 250ஆல் வகுத்தால் 0.34. வர்க்கச் சராசரி அதற்குக் கீழே இருந்தால், அதாவது மாறாத சுமை என்றால் சுமார் 58 சதவீதத்துக்குக் கீழே, அமார்பஸ் வெல்லும். மேலே போனால் உயர்தர எஃகு வெல்லும்.

இப்போது விலை. கோரில் ஒரு வாட் என்பது ஆண்டுக்கு 8.76 யூனிட். டிரான்ஸ்பார்மர் 25 ஆண்டு ஓடும், பணத்துக்கு ஆண்டு வட்டி 8 சதவீதம், மின்கட்டணம் மாறாது என்று கொண்டால், வரும் ஆண்டுகளின் செலவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் பெருக்கி 10.67. ஆகவே கோரின் ஒவ்வொரு வாட்டும் இன்று சுமார் 93.5 யூனிட்டின் விலைக்குச் சமம். சுமை இழப்பின் ஒவ்வொரு வாட்டுக்கும் இதே எண்ணை வர்க்கச் சராசரியால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

சாதாரணக் கோரிலிருந்து உயர்தரத்துக்கு மாறினால் 100 வாட் மிச்சம், அதாவது 9,350 யூனிட்டின் விலை. அங்கிருந்து அமார்பஸுக்கு மாறினால், மாறாத 30 சதவீதச் சுமைக்கு 62.5 வாட், ஏறத்தாழ 5,840 யூனிட்டின் விலை. மூன்றாவது வரியின் ஏற்ற இறக்கச் சுமைக்கு 32.5 வாட், ஏறத்தாழ 3,040 யூனிட்டின் விலை. நீங்கள் கட்டும் யூனிட் விலையால் இவற்றைப் பெருக்குங்கள். கேட்கப்படும் கூடுதல் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் வாங்கலாம், கூடுதலாக இருந்தால் வேண்டாம். வட்டி விகிதம் உயர்ந்தால் பெருக்கி குறையும், எனவே உங்கள் விகிதத்தைப் போட்டே கணக்கிடுங்கள்.

## எண் உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது

இவ்வளவு கணக்கும் தாளில் எழுதிய 160 அல்லது 75 என்ற எண்ணை நம்பி நிற்கிறது. சர்வதேசத் தரம் ஒவ்வொரு இழப்புக்கும் தனித்தனியே 15 சதவீதமும், மொத்த இழப்புக்கு 10 சதவீதமும் கூடுதலாக இருக்க அனுமதிக்கிறது. 160 என்று வாங்கியது 184 வாட் காட்டினாலும், மொத்த இழப்பு வரம்புக்குள் இருந்தால் திருப்பி அனுப்ப முடியாது. அந்த 24 வாட் மேலே சொன்ன கணக்கில் 2,240 யூனிட்டுக்கும் மேல். ஆர்டரிலேயே "உச்ச வரம்பு, கூடுதல் சகிப்பு இல்லை" என்று எழுதி வாங்குங்கள்.

சோதனையின்போது 400 வோல்ட் பக்கத்தில் முழு மின்னழுத்தம் கொடுத்து, 11,000 வோல்ட் பக்கத்தைத் திறந்து வைப்பார்கள். திறந்திருக்கும் அந்த முனைகளில் முழு 11,000 வோல்ட்டும் நிற்கும், வேலி போட்டுத் தள்ளி நில்லுங்கள். வாட்மீட்டர் காட்டுவது ஏறத்தாழ முழுக்கக் கோரின் இழப்பு. 144 ஆம்பியர் முழுச்சுமை மின்னோட்டமுள்ள இந்த அளவுக்கு, சுமையற்ற மின்னோட்டம் ஒரு சதவீதம் என்றால் 1.4 ஆம்பியர் இருக்கும். அந்த நிலையில் உயர்தரக் கோரின் திறன் காரணி சுமார் 0.16தான் வரும். சாதாரண வாட்மீட்டர் இங்கே தவறாகக் காட்டும், குறைந்த திறன் காரணிக்கான மீட்டர் வேண்டும்.

ஒரு தில்லுமுல்லுக்கும் கண் வைத்திருங்கள். 400க்குப் பதில் 360 வோல்ட் கொடுத்தால் இழப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து தெரியும். வாட்டைப் பார்க்கும் அதே நொடியில் வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மின்னழுத்தத்தை 110 சதவீதத்துக்கு ஏற்றச் சொல்லி மின்னோட்டத்தைப் பாருங்கள். 1.35 டெஸ்லாவில் வடிவமைத்த அமார்பஸ் கோர் அப்போது 1.49ஐத் தொடும், தெவிட்டல் 1.56இல். மின்னோட்டம் சற்று ஏறினால் இயல்பு. பல மடங்கு எகிறினால், நாடாவை மிச்சப்படுத்தக் குறுக்குப்பரப்பைக் குறைத்திருக்கிறார்கள். இரவில் மின்னழுத்தம் ஏறும் இடத்தில் அந்த டிரான்ஸ்பார்மரின் 75 வாட், 75 வாட்டாக இருக்காது.